ஒரு வேரும் மூன்று பைக்கற்றுகளும்
(நூற்றாண்டு விழாவையொட்டிய சுகாதாரக் கருத்தரங்கில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



மருந்தாளராக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். "மூலிகையைப் பற்றிப் பேசுங்கள்" என்று சங்கத்துச் செயலாளர் கேட்டபோது, எந்த மூலிகை எதற்கு நல்லது என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். அதைச் சொல்ல இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஹல்துமுல்லையில் ஆயுர்வேதத் திணைக்களத்தின் மூலிகைத் தோட்டமே இருக்கிறது. நான் பேசப்போவது மூலிகையை அடைத்து விற்கும் பைக்கற்றைப் பற்றி. அது சட்டத்தின் கண்ணில் உணவா, மருந்தா, இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒன்றா? அதை யார் தீர்மானிக்கிறார்கள்? தீர்மானித்தால் நமக்கு என்ன?

நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு அம்மாயி முறையான ஒருவர் பதுளைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். பத்து வருடமாகச் சர்க்கரை. கிளினிக்கில் கொடுத்த கிளிபென்கிளமைட் குளிசையை ஒழுங்காகப் போடுவார். பேத்தி டவுனில் இருந்து ஒரு பைக்கற் வாங்கிவந்தாள். கொத்தல ஹிம்புட்டு இலைத் தேநீர் மாதிரியான பைகள், பெட்டியில் இருபது. காலையும் மாலையும் குடித்தார். நான்காம் நாள் விடியற்காலையில் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேத்தியின் பெயரையே மாற்றிச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். அந்தப் பிள்ளை கெட்டிக்காரி. சீனி இறங்கிவிட்டது என்று விளங்கிக்கொண்டு, மூன்று கரண்டி சீனி போட்டுப் பிளேன்டீ கொடுத்தாள். பதினைந்து நிமிடமாகியும் தெளியவில்லை. மறுபடி கொடுத்தாள். பிறகு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பார்த்தபோது 46. நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் ஆள் ஆளானார்.

இதற்கு அந்தப் பைக்கற்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. முதல் நாள் இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்றும் சொன்னார்கள். ஆனால் அந்தப் பிளேன்டீ ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கக்கூடும். அதை விளங்கப்படுத்தினால் என்னுடைய விஷயம் முழுவதும் விளங்கிவிடும்.

கொத்தல ஹிம்புட்டு என்பது காட்டில் ஏறிப் படரும் கொடி. சித்த வைத்தியத்தில் கடலழிஞ்சில் என்று அதே செடியைத்தான் சொல்கிறார்கள். அதன் வேரையும் தண்டையும் சர்க்கரை நோய்க்குப் பாவிப்பது இங்கே பழைய பழக்கம். கட்டையைக் குடைந்து குவளை செய்து, இரவில் தண்ணீர் ஊற்றிவைத்து, காலையில் குடிப்பார்கள். அந்தக் குவளைகளை இன்றும் விற்கிறார்கள். இது வெறும் நம்பிக்கை அல்ல. வேரிலிருந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த பொருள்களில் ஒன்றுக்கு, சிங்களப் பெயரை வைத்தே கொட்டலனோல் என்று பெயரிட்டார்கள். நாம் சாப்பிடும் மாப்பொருளையும் சீனியையும் சிறுகுடலில் உடைத்துக் குளுக்கோசாக்குகிற நொதிகளை அது தடுக்கிறது. அதனால் சோறு சாப்பிட்ட பின் இரத்தத்தில் சீனி சட்டென்று ஏறாது. அக்கார்போஸ் என்ற ஆங்கில மருந்தும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இப்போது பிளேன்டீயை யோசியுங்கள். நாம் போடும் சீனி, குளுக்கோஸ் அல்ல. அது குடலில் உடைந்துதான் குளுக்கோசாக வேண்டும். உடைக்கும் நொதியைத் தடுத்துவிட்டுச் சீனி கொடுத்தால் அது மெதுவாகத்தான் இரத்தத்துக்கு வரும். அக்கார்போஸ் பாவிப்பவர்களுக்கு வைத்தியர்கள் இதைச் சொல்லியே அனுப்புவார்கள்: சீனி இறங்கினால் சீனித்தண்ணீர் போதாது, குளுக்கோஸ் தூளோ குளுக்கோஸ் குளிசையோ வைத்துக்கொள்ளுங்கள் என்று. அக்கார்போஸ் மருந்து என்பதால் அந்த எச்சரிக்கை பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சாகியிருக்கும். அம்மாயியின் பைக்கற்றில் அப்படி ஒரு வரி இல்லை. இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை. ஏனென்றால் அது உணவு.

அதே வேரை மூன்று விதமாக அடைத்து விற்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் எந்தக் கதவால் போகிறது என்று பார்ப்போம்.

முதலாவது, தேநீர்ப் பை. குடிபானம் என்று சொல்லி விற்றால் அது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வருகிறது. இதைப் பார்ப்பவர் நமக்குத் தெரிந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பி.எச்.ஐ. ஐயா பேக்கரிக்கு வருகிற மாதிரி இதற்கும் வரலாம், மாதிரி எடுக்கலாம், பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். அவர் பார்ப்பது என்ன? பூஞ்சணம் பிடித்ததா, கலப்படமா, சுத்தமான இடத்தில் அடைத்ததா, லேபலில் சேர்மானமும் நிறையும் காலாவதித் திகதியும் இருக்கின்றனவா என்பவை. இது சர்க்கரையைக் குறைக்குமா என்று அவர் கேட்கமாட்டார், கேட்கத் தேவையும் இல்லை. உணவு என்றால் எவரும் எந்த அளவும் உண்ணக்கூடியது என்பதே அந்தச் சட்டத்தின் அடிப்படை நினைப்பு. அரிசிக்கு அளவும் எச்சரிக்கையும் யாரும் எழுதுவதில்லை அல்லவா? அதற்குப் பதிலாகச் சட்டம் ஒன்றைத் தடுக்கிறது. ஒரு நோயைத் தடுக்கும், தணிக்கும், குணமாக்கும் என்று உணவின் லேபலிலோ விளம்பரத்திலோ சொல்லக்கூடாது. ஆதாரம் கேட்காமல் விற்க விடுகிறோம், நீ வாயை மூடிக்கொண்டு விற்க வேண்டும் என்பதே ஒப்பந்தம்.

அம்மாயியின் பெட்டியை நான் பிறகு வாங்கிப் பார்த்தேன். பெட்டியில் நோயின் பெயரே இல்லை. மிகக் கவனமாக எழுதியிருந்தார்கள். கடைக்காரர் கொடுத்த ஒரு துண்டுப் பிரசுரத்தில் மட்டும் தமிழில், சர்க்கரையை வேரோடு அறுக்கும் என்று இருந்தது. பேத்தி வாங்கியது பெட்டியைப் பார்த்து அல்ல, அந்தத் தாளைப் பார்த்து. தாளும் விளம்பரமே, கடைச் சுவரில் ஒட்டியதும் விளம்பரமே. வட்ஸ்அப்பில் விற்பவர் அனுப்பும் குரல் பதிவும் அப்படித்தான். ஆனால் பரிசோதகரின் கைக்குப் போவது பெட்டி. நீங்கள் முறைப்பாடு செய்யப் போனால் பெட்டியோடு அந்தத் தாளையும் பற்றுச்சீட்டையும் கொண்டுபோங்கள். பதுளையிலோ பண்டாரவளையிலோ சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் அதைக் கொடுக்கலாம். தாள் இல்லாத பெட்டி எந்தக் குற்றத்தையும் காட்டாது.

இரண்டாவது, அதே வேரின் சாறை வற்றவைத்து, இத்தனை மில்லிகிராம் என்று அளந்து, கெப்ஸ்யூலில் அடைத்துவிட்டோம். இப்போது அது சோறும் கறியும் மாதிரி இல்லை. அளவு வந்துவிட்டது, வேளை வந்துவிட்டது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய ஔடத ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இப்படிப்பட்டவற்றுக்கென்று ஒரு வகையை வைத்திருக்கிறது. எல்லைக்கோட்டுப் பொருள் என்று சொல்லலாம். மருந்தின் குணமும் உணவின் குணமும் கலந்தவை. விற்றமின் குளிசை போன்றவற்றின் சிக்கல்கள் இந்தக் கதவில்தான் தட்டும். இங்கே விற்பதற்கு முன் பதிவு வேண்டும், என்ன சேர்ந்திருக்கிறது, தரம் எப்படி என்ற கடுதாசிகள் வேண்டும். ஆனாலும் ஒரு புது ஆங்கில மருந்துக்குக் கேட்பது போல ஆயிரக்கணக்கான நோயாளிகளில் பரிசோதித்த ஆதாரத்தைக் கேட்பதில்லை. ஆகவே நோயைக் குணமாக்கும் என்று சொல்லும் உரிமையும் இல்லை.

மூன்றாவது கதவு ஆயுர்வேதம். இதற்கு 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம். அந்தச் சட்டத்தில் ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள் சித்தமும் யுனானியும் தேசிய வைத்தியமும் அடங்கும். நமது சித்த வைத்தியர்களும் அந்தக் கூரையின் கீழ்தான். இந்த மருந்துகள் ஔடத அதிகாரசபைக்குப் போவதில்லை; ஆயுர்வேதத் திணைக்களத்துக்கும் அதன் சூத்திரக் குழுவுக்கும் போகின்றன. இங்கே நோயின் பெயரைச் சொல்லலாம். ஆனால் ஆதாரம் வேறு மாதிரியானது. ஏற்றுக்கொள்ளப்பட்ட நூலில் இந்த யோகம் இருக்கிறதா, அதில் சொன்ன சரக்கை, சொன்ன முறையில், சொன்ன அளவில் செய்தாயா என்று கேட்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் குடித்து வந்தார்கள் என்பதே பாதுகாப்புக்கான சாட்சி.

இந்தச் சாட்சியை நான் இழிவாகப் பேசவில்லை. ஆனால் ஒரு சாட்சி தான் கண்டதைத்தான் சொல்ல முடியும். நமது பாட்டன்மார் கண்டது, குவளையில் இரவு ஊறிய தண்ணீர். மதுசாரத்தில் ஊறவைத்துப் பத்து மடங்கு செறிவாக்கிய சாறை அவர்கள் கண்டதில்லை. ஆங்கிலக் குளிசையோடு சேர்த்துக் குடித்தால் என்ன ஆகும் என்பதையும் அவர்கள் கண்டதில்லை; அந்தக் குளிசை அப்போது இல்லை. ஒரு வருடத்தில் எத்தனை கரு தங்காமல் போயிற்று என்று யாரும் கணக்கு வைத்ததும் இல்லை. மெல்ல வரும் தீங்கையும், அரிதாக வரும் தீங்கையும், வேறு காரணத்தால் வழக்கமாக நடக்கும் ஒன்றைப் போலத் தோன்றும் தீங்கையும் பாரம்பரியம் கண்டுபிடிக்காது.

கருவைப் பற்றிச் சும்மா சொல்லவில்லை. 2003இல் இலங்கை ஆய்வாளர்கள் இந்த வேரின் சாறைக் கர்ப்பிணி எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கரு பதிந்த பிறகு அழிவது கூடியது. எலி எலிதான், மனுஷி மனுஷிதான். ஆனால் கர்ப்பத்தில் சர்க்கரை வந்த நமது பிள்ளைகளிடம்தான் "ஊசி வேண்டாம், இதைக் குடி" என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். மருந்தின் பெட்டியாக இருந்தால் இந்த எலிகளின் கதை ஒரு வரியாக அதில் வந்திருக்கும்.

நல்ல ஆதாரமும் இருக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. 2005இல் வெளியான இன்னொரு இலங்கை ஆய்வில் 51 நீரிழிவு நோயாளிகளுக்கு மூன்று மாதம் கொத்தல ஹிம்புட்டுத் தேநீரும், மூன்று மாதம் அதைப் போலவே தோன்றும் வெறும் தேநீரும் கொடுத்தார்கள். எது எது என்று குடித்தவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற எச்.பி.ஏ.1.சி. என்ற அளவு, வெறும் தேநீருக்குப் பின் 6.65 ஆகவும் மூலிகைத் தேநீருக்குப் பின் 6.29 ஆகவும் இருந்தது. வித்தியாசம் உண்மையானது, ஆனால் சிறியது. வேரோடு அறுத்தது என்று இதை யாரும் வாசிக்க முடியாது. எனக்கு இதில் வேறொரு வேடிக்கை தெரிகிறது. இவ்வளவு நேர்த்தியான ஆய்வு இருந்தும், தேநீர்ப் பையை உணவாக விற்கிறவர் அதைச் சொல்லி நோய் தீரும் என்று விளம்பரம் செய்ய முடியாது. உண்மையாக இருந்தாலும் முடியாது. சொல்ல விரும்பினால் வேறு கதவால் வந்து, அந்தக் கதவு கேட்கும் ஆதாரத்தைக் கொடுக்க வேண்டும். அதில் செலவு உண்டு. அதனால்தான் பெட்டி மௌனமாக இருக்கிறது, தாள் பேசுகிறது.

கதவுகள் குழம்பினால் என்ன நடக்கும் என்பதை நாடே பார்த்தது. 2020 டிசம்பரில் கேகாலையில் தம்மிக பாணி. தேனும் சாதிக்காயும் சேர்ந்த அந்தப் பாணி கொரோனா வராமல் காக்கும் என்று சொன்னார்கள். செய்முறையைக் காளியம்மன் அருளியதாகச் சொன்னார். கூட்டம் கூடக்கூடாத காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். சுகாதார அமைச்சரே கமராவுக்கு முன்னால் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று வந்தது. இதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பலர் கவனிக்காதது ஒன்று: அந்தப் பாணியை உணவுத் துணைப்பொருளாக விற்க அரசின் சுதேச வைத்தியப் பகுதி அனுமதி கொடுத்தது. உணவுத் துணைப்பொருள் என்றால், விழுங்கினால் பெரிய கேடு இல்லை என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. தேனும் சாதிக்காயும் அளவாகச் சாப்பிட்டால் கேடு இல்லை என்பது நமது சமையலறைக்கே தெரியும். ஆனால் சனங்கள் கேட்டது "அங்கீகாரம் கிடைத்துவிட்டது" என்ற ஒரே சொல்லை. எதற்கு அங்கீகாரம் என்ற மீதி வாக்கியம் காற்றில் போய்விட்டது.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவிகளும் இந்த மலரை வாசிப்பீர்கள். ஊருக்கு வந்து போகும்போது இந்தப் பைக்கற்றுகளை அள்ளிக்கொண்டு போவதும் நீங்கள்தான். எல்லை கடந்தால் அதே பைக்கற்றின் சாதி மாறிவிடும். ஜப்பானில் இந்தச் செடியின் குடும்பத்திலிருந்து எடுத்த சாறு 2015இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் கீழ் உணவாகவே விற்கிறது. சாப்பிட்ட சீனி உடம்பில் சேர்வதை மெதுவாக்கும் என்று எழுதலாம், நீரிழிவு என்று எழுதக்கூடாது. அந்தத் திட்டமே சுகதேகிகளுக்கானது; நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அல்ல. பிரித்தானியாவில் பாரம்பரிய மூலிகை மருந்தாகப் பதிய வேண்டுமானால் 30 வருடப் பாவனையைக் காட்ட வேண்டும், அதில் 15 வருடம் ஐரோப்பாவில் நடந்ததாக இருக்க வேண்டும். அப்படிக் காட்டினாலும் தடிமன், அஜீரணம் போன்று வைத்தியர் இல்லாமல் பார்க்கக்கூடிய சில்லறை வருத்தங்களுக்குத்தான் அந்தப் பதிவு. நீரிழிவுக்குக் கிடைக்காது. அவுஸ்திரேலியாவில் இருப்பவர்கள் பெட்டியின் இலக்கத்தைப் பாருங்கள். ஒஸ்ட் என்பதற்குப் பின் எல் என்ற எழுத்து மட்டும் இருந்தால், பலன் இருக்கிறதா என்று அரசு தனியாக ஆராயவில்லை என்று பொருள். ஆர் என்று இருந்தால் ஆராய்ந்தது.

இன்னுமொன்று. மூலிகைப் பொருள் அதிசயமாக வேலை செய்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் நீரிழிவுக்கான சில மூலிகைக் கெப்ஸ்யூல்களைத் திரும்பப் பெற்றார்கள். ஆராய்ந்தபோது உள்ளே கிளிபென்கிளமைட் இருந்தது. ஆபத்தானது என்று விலக்கப்பட்ட பென்போமின் என்ற பழைய மருந்தும் இருந்தது. அம்மாயி ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த அதே கிளிபென்கிளமைட். ஒரு வேர் செய்யக்கூடியது, சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்துவது. கூடவே வயிறு ஊதும், சிலருக்குக் கழியும். வெறும் வயிற்றில் எடுத்த அளவு இரண்டே நாளில் 220இலிருந்து 110க்கு வந்தது என்றால் அது வேரின் வேலையாக இருக்க நியாயம் இல்லை. அப்படி நடந்தால் பைக்கற்றை எறியாமல் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அம்மாயி இப்போதும் ஹிம்புட்டுக் குடிக்கிறார். எறியச் சொல்லி நான் சண்டை பிடிக்கவில்லை. கிளினிக் வைத்தியரிடம் பெட்டியோடு கூட்டிப்போனேன். அவர் குளிசையின் அளவைக் குறைத்து, வீட்டில் சீனி பார்க்கும் மெஷினை வாங்கச் சொல்லி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார். தாளில் இருந்த சங்கதியைப் பற்றி நான் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. லயத்துக் காம்பராவில், சாமிப் படத்துக்குக் கீழே உள்ள தட்டில், சீனி டின்னுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு குளுக்கோஸ் பெட்டி இருக்கிறது. பேத்தி அதன் மேல் சிவப்பு மையால் "அம்மாயிக்கு மட்டும்" என்று எழுதி வைத்திருக்கிறாள். தம்பி அதை எடுத்துத் தின்றுவிடுகிறானாம்.